ஓடைத் தண்ணியில கரண்ட் எடுக்க எவ்வளவு பெரிய டர்பைன் வேணும்?

நம்மட பக்கத்தில ஒருத்தருக்கு மலையடிவாரத்தில ஒரு துண்டு காணி இருந்து, அதுக்குள்ளால ஒரு ஓடையும் ஓடுது எண்டா முதல் கேக்கிற கேள்வி "எத்தின கிலோவாட் டர்பைன் வாங்கலாம்" எண்டுதான். டர்பைன் கடைசியா வாற சாமான். அதுக்கு முதல் ரெண்டு விசயம் தெரியணும், தண்ணி எவ்வளவு உயரத்தில இருந்து இறங்குது, ஒரு செக்கனுக்கு எத்தின லீற்றர் வருது. முதலாவத ஹெட் எண்டும் ரெண்டாவத ஃப்ளோ எண்டும் சொல்லுவாங்க. இந்த ரெண்டையும் சரியா அளந்திட்டா டர்பைன்ட சைஸ் தானா வந்து நிக்கும், பிழையா அளந்தா எவ்வளவு விலைக்கு வாங்கினாலும் அது சும்மா சுத்திக்கிட்டு கிடக்கும்.

மட்டக்களப்பு, அம்பாறை எண்டா வட்டையும் குளமும்தான், மலை எங்க எண்டு நினைப்பீங்க. செங்கலடியால பதுளை றோட்டப் புடிச்சு மேற்கால போனா மகாஓயா தாண்டி, பதியத்தலாவை தாண்டி தரை மெல்ல மெல்ல ஏறத் தொடங்கும். அந்த மாதிரி அடிவாரத்தில ஒரு ஓடை, பக்கத்தில மூண்டு வீடு, கரண்ட் கம்பி வந்து சேராத இடம் எண்டு வைப்பம். இந்த ஒரு ஓடைக்கு மட்டும் கணக்க முழுசாப் பாப்பம்.

முதல் கணக்கு இதுதான், இத மட்டும் மனசில வெச்சிருந்தாப் போதும்:

வாட் = 5 × ஃப்ளோ (லீற்றர்/செக்கன்) × ஹெட் (மீற்றர்)

இந்த 5 எங்கால வந்தது எண்டா, தண்ணிக்குள்ள உண்மையா இருக்கிற சக்தி 9.81 × ஃப்ளோ × ஹெட். ஆனா சின்ன டர்பைன் அதில முக்கால்வாசிக்கும் குறையத்தான் எடுக்கும், டைனமோவும் தன்ட பங்குக்கு கொஞ்சம் சூடாக்கி விட்டுரும், கடைசியில கம்பியால வீட்டுக்கு வாறது பாதியளவுதான். அதனால 9.81 ஐ பாதியாக்கி 5 எண்டு வெச்சிருக்காங்க. 70 வீதம், 80 வீதம் கிடைக்கும் எண்டு யாராவது சொன்னா அது பெரிய மெசினுக்கு உள்ள கணக்கு, ஒரு கிலோவாட்டுக்கு கீழ அத நம்பி வீட்டு வயரிங் செய்யாதீங்க.

இப்ப நம்மட பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல். மலைநாட்டு தோட்டத்து ஓடையும் நம்மட ஓடையும் ஒண்டில்ல. நமக்கு மழை எண்டா கார்த்திகை, மார்கழி, தை, மாரி மழையோட சரி. அதுக்குப் பிறகு கச்சான் காத்து அடிக்கத் தொடங்கினா ஆனி, ஆடி, ஆவணி எண்டு ஓடை காஞ்சுக்கிட்டே போகும். மார்கழியில போய் நிண்டு பாத்தா கால் வைக்க ஏலாத அளவுக்கு தண்ணி பாயும், அந்த அளவ வெச்சு டர்பைன் வாங்கினா ஆவணியில டர்பைன் வாய்க்குள்ள தண்ணி நிரம்பாது. இங்கினியாகலயில கரண்ட் எடுக்கிறாங்கதானே எண்டு கேப்பீங்க, ஓம், அங்க ஏறத்தாழ 11 மெகாவாட் ஸ்டேசன், ஆனா அதுக்குப் பின்னால சேனநாயக்க சமுத்திரம் எண்டு ஒரு கடலையே தேக்கி வெச்சிருக்கு. நமக்கு தேக்கம் இல்ல, ஓடுற தண்ணி ஓடுற நேரத்தில மட்டும்தான். அப்ப ஓடை மெலிஞ்சு கிடக்கிற மாசத்தில என்ன வருதோ அதுதான் நம்மட ஃப்ளோ.

அதனால எதையும் அளக்க முதல் அந்த இடத்தில வயசான ஒரு ஆள புடிச்சு கேக்கணும். "ஆவணி புரட்டாசியில இந்த ஓடை ஓடுமா அப்பு?" எண்டு. "ஓம் மகன், ஓடும் ஓடும்" எண்டு சொன்னா அதோட விடக்கூடாது. "குளிக்கிற அளவுக்கு ஓடுமா, குடத்தால மொள்ளுற அளவுக்கு ஓடுமா, எந்தக் கல்லு வரைக்கும் நிக்கும்" எண்டு கேட்டா அவர் கைய நீட்டி ஒரு கல்லக் காட்டுவார். அந்தக் கல்லில பெயின்ற்றால ஒரு கோடு போட்டு வைங்க. "ஒரு கச்சானுக்கு மண்ணத் தோண்டித்தான் குடிச்சம்" எண்டு அவர் சொன்னா அந்த இடத்தில மைக்ரோ ஹைட்ரோ எண்டு சொல்லுற இந்த ஓடைக் கரண்ட் பேச்ச விட்டுட்டு சோலார் பாக்கிறதுதான் புத்தி, குடும்பிமலைப் பக்கம், உன்னிச்சைக்கு மேல எல்லாம் கன ஓடை அப்பிடித்தான்.

நம்மட உதாரண ஓடை காயாது, மெலியும், அவ்வளவுதான். சரி, ஹெட் அளப்பம்.

ஹெட் எண்டா மலை உயரம் இல்ல, ஓடை நீளமும் இல்ல. மேல தண்ணி பைப்புக்குள்ள இறங்கப்போற தொட்டியில தண்ணி நிக்கிற மட்டத்துக்கும், கீழ டர்பைன்ட நொசில், அதாவது தண்ணி பீச்சிற வாய், இருக்கப்போற இடத்துக்கும் இடையில உள்ள நேர் உயரம். கீழ இடத்த தெரிவு செய்யக்குள்ள ஓடைத் தரையில வைக்க ஏலாது, மாரி வெள்ளத்துக்கு மேல இருக்கணும், மரத்தில சருகும் சப்பும் சிக்கி நிக்கிற உயரத்தப் பாத்தா போன வெள்ளம் எங்க வரைக்கும் வந்தது எண்டு தெரியும், அதுக்கு மேலதான் மெசின். இதில ஒண்டு ரெண்டு மீற்றர் ஹெட் போகும், போகட்டும், வெள்ளத்தில டைனமோ போறதுக்கு அது பரவாயில்ல.

போன்ல ஜிபிஎஸ் வெச்சு உயரம் பாக்கிறத மறந்துருங்க. மரத்துக்கு கீழ அது பத்து மீற்றர் மேல கீழ சொல்லும், நம்மட முழு ஹெட்டுமே இருபத்தி சொச்சம் மீற்றர்தான். ஆகச் சுகமான வழி மேசன் பாஸ்மார் லெவல் பாக்கிற டியூப். கண்ணாடி மாதிரி தெரியிற அந்த டியூப்ல தண்ணி நிரப்பி, மேல ஒராள் தொட்டி மட்டத்தில ஒரு முனைய பிடிக்க, கீழ ஒராள் அளவு போட்ட தடியோட நிண்டு மற்ற முனையில தண்ணி எங்க நிக்குதெண்டு பாத்து உயரத்த எழுதணும், பிறகு மேல நிண்டவர் இறங்கி கீழ நிண்டவர்ட காலடிக்கு வர, அடுத்த படி. ஒவ்வொரு படிக்கும் ஒண்டரை மீற்றர் மட்டில வரும், எல்லாத்தையும் கூட்டினா ஹெட். டியூப்புக்குள்ள ஒரு சின்னக் காத்துக்குமிழி நிண்டாலும் மட்டம் பொய் சொல்லும், அதால ஒவ்வொரு படிக்கும் ரெண்டு முனையையும் பக்கத்தில பக்கத்தில பிடிச்சு ஒரே மட்டத்தில நிக்குதா எண்டு பாத்துக்கிட்டுத்தான் விலகணும். மேல இருந்து கீழ ஒரு தரம், கீழ இருந்து மேல ஒரு தரம் அளந்து ரெண்டும் அரை மீற்றருக்குள்ள ஒத்து வந்தா நம்பலாம்.

காடு பத்தையா இருந்தா இன்னொரு வழி. அரை இஞ்சி கறுப்பு பைப் ஒண்ட மேல இருந்து கீழ வரைக்கும் போட்டு, தண்ணி நிரப்பி, காத்து முழுக்க வெளியேறின பிறகு கீழ் முனையில ஒரு பிரஷர் கேஜ் பூட்டுறது. பைப் எப்பிடி வளைஞ்சு நெளிஞ்சு போனாலும் பிரச்சினையில்ல, தண்ணி ஓடாம நிக்கக்குள்ள கேஜ் காட்டுறது நேர் உயரத்த மட்டும்தான். பிஎஸ்ஐயில வாற அளவ 0.703 ஆல பெருக்கினா மீற்றர். நம்மட ஓடையில கேஜ் முள்ளு 38 தாண்டி 39 க்கு கொஞ்சம் கீழ நிக்குது, அப்ப 27 மீற்றர். டியூப்பால அளந்ததும் அதையே சொன்னா சந்தோசம். இந்த கேஜ கழட்டி எறியாம வைங்க, கடைசியில திரும்பத் தேவைப்படும்.

அடுத்தது ஃப்ளோ, இதிலதான் ஆக்கள் கூட ஏமாறுறது. மாரியில அளந்தா, ஓடையில ஒரு நேரான துண்டு அஞ்சு மீற்றர் தெரிவு செஞ்சு, தண்ணியில ஒரு தோடம்பழத்த போட்டு எத்தின செக்கன்ல போகுதெண்டு பாக்கலாம். அகலம் 90 சென்ரிமீற்றர், சராசரி ஆழம் 14, அஞ்சு மீற்றர் போக 8 செக்கன் எண்டா கணக்குப்படி ஏறத்தாழ 79 லீற்றர் வருது. ஆனா பழம் மிதக்கிறது மேல ஓடுற வேகமான தண்ணியில, அடியில கல்லுக்கு இடையில தண்ணி தவண்டுதான் போகும். இப்பிடி ஆழமில்லாத கல்லு ஓடைக்கு 0.45 ஆல பெருக்கணும், அப்ப 35 லீற்றர்தான். பெருக்காம விட்டா ரெண்டு மடங்குக்கு மேல பொய். அதுவும் இது மார்கழிக் கணக்கு, நமக்குத் தேவையானது இது இல்ல.

ஆவணியில போய் அளக்கிறதுதான் அளவு. தண்ணி குறைஞ்சிருக்கிறதால நேரடியா பிடிச்சே அளக்கலாம். உரப்பையில மண் நிரப்பி ஓடைக்கு குறுக்கால அடுக்கி, முன்பக்கம் பொலித்தீன் விரிச்சு களிமண்ணால அடைச்சு, நடுவில நாலு இஞ்சி பைப் துண்டு ஒண்ட வெச்சா முழுத் தண்ணியும் அந்த பைப்பாலதான் வரணும். இதில கவனம் வேணும், பைக்கு அடியால மணலுக்குள்ளால தண்ணி களவாப் போயிரும், கீழ்ப்பக்கம் போய் நிண்டு மணல் கசியுதா எண்டு பாத்து அடைக்கணும். 20 லீற்றர் வாளி வெச்சு அளந்தா மூண்டு செக்கன்ல நிரம்பிரும், கைக்கடிகாரத்த அமத்திறதுக்குள்ள அளவு பிழைச்சிரும். நீல நிற பிளாஸ்டிக் பெரல்தான் சரி. அதிலயும் 200 லீற்றர் பெரல் எண்டு சொல்லுறது விளிம்பு வரைக்கும் நிரப்பினா 200 க்கு கூட பிடிக்கும், அதனால முதல்ல 20 லீற்றர் கேன் ஒண்டால பத்துத் தரம் ஊத்தி எங்க வருதோ அங்க மார்க்கர் பேனையால கோடு போட்டுக்கணும். நிரம்பின பெரல் 200 கிலோ, தூக்கி ஊத்த ஏலாது, அடியில ஓட்டை போட்டு தக்கை ஒண்டு வெச்சா சுகம்.

நம்மட ஓடையில கோட்டுக்கு வர 31 செக்கன், திரும்பத் திரும்ப அளந்தாலும் ஒரு செக்கன் அங்க இங்க. 200 ஐ 31 ஆல பிரிச்சா 6.4 லீற்றர். மார்கழியில 35, ஆவணியில 6.4. வித்தியாசத்தப் பாருங்க.

பெரல் வைக்கிற அளவுக்கு கீழ பள்ளம் இல்லாத இடம் எண்டா ஒரு பலகையில 90 பாகையில வி வடிவத்தில வெட்டி ஓடைக்கு குறுக்கால நிப்பாட்டலாம். வெட்டின மூலையில இருந்து தண்ணி எவ்வளவு உயரத்தில நிக்குதெண்டு பாத்தா ஃப்ளோ தெரியும், ஆனா பலகையிலயே வெச்சுப் பாக்கக்கூடாது, தண்ணி அங்க வளைஞ்சு விழும், அரை மீற்றர் மேல்பக்கமா ஒரு குச்சி அடிச்சு அதிலதான் அளவு. 11.7 சென்ரிமீற்றர் நிண்டா 6.4 லீற்றர் போகுதெண்டு அர்த்தம். அதே மட்டம் 9 சென்ரிமீற்றருக்கு இறங்கினா 3.4 லீற்றர்தான். ரெண்டு விரல் அகலம் கூட இறங்கேல்ல, தண்ணி பாதியாப் போயிட்டு. கண்ணால பாத்து "போன மாசம் மாதிரித்தான் கிடக்கு" எண்டு சொல்லுறது எவ்வளவு பிழை எண்டு இதில விளங்கும். பலகைய அங்கயே விட்டு பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருத்தன வாரத்துக்கு ஒருக்கா குச்சியப் பாத்து எழுதச் சொன்னா, ஒரு கச்சான் முடியக்குள்ள ஓடைட முழுக் கதையும் கையில இருக்கும்.

இந்த 6.4 ஐயும் முழுசா எடுக்க ஏலாது. நாம தண்ணிய எடுக்கிற இடத்துக்கும் திரும்ப விடுற இடத்துக்கும் இடையில ஓடை காஞ்சு போகக்கூடாது, மீனும் நண்டும் இருக்கு, மாடு குடிக்கும், யாராவது குளிப்பாங்க. அத விட நம்மட சனத்துக்கு தண்ணிச் சண்டை எப்பிடி எண்டு வட்டையில வரம்புக்கு வரம்பு தெரியும். 4.5 லீற்றர் எடுத்துட்டு மிச்சத்த ஓடையிலயே விடுவம்.

இப்ப நம்மட கையில 27 மீற்றரும் 4.5 லீற்றரும் இருக்கு. அவசரப்பட்டு 5 × 4.5 × 27 எண்டு பெருக்கிறாதீங்க. இடையில பைப் இருக்கு.

தண்ணி ஓடாம நிக்கக்குள்ள 27 மீற்றர் உண்மை, ஓடத் தொடங்கினா பைப்ட சுவரில உரசி உரசி பிரஷர் குறையும். எவ்வளவு குறையும் எண்டது பைப்ட உள்ளளவில தொங்கிக்கிட்டு இருக்கு. நம்மட இடத்தில மேல தொட்டியில இருந்து கீழ வரைக்கும் 140 மீற்றர் பைப் வேணும். ஹாட்வெயார்ல ரெண்டு இஞ்சி எண்டு தாற 63 மில்லிமீற்றர் பிவிசி பைப்பப் போட்டா 4.5 லீற்றர் போகக்குள்ள 7 மீற்றர் ஹெட் உரசல்லயே போயிரும். 75 பைப் போட்டா 3 மீற்றர் போகும். மூண்டு இஞ்சி எண்டு சொல்லுற 90 பைப்புக்கு 1.2 மீற்றர்தான். வளைவு, வால்வு, மேல தொட்டியில சருகு மறிக்கிற வலை எல்லாத்துக்கும் இன்னொரு அரை மீற்றர் வைப்பம். அப்ப 63 போட்டா மிச்சம் பத்தொன்பதரை மீற்றர், கிடைக்கிறது 440 வாட். 90 போட்டா மிச்சம் 25 மீற்றர், 560 வாட். அந்த 120 வாட் இரவு பகலா வருசம் முழுக்க, பைப் காசு ஒருக்காத்தான்.

இதில இன்னொரு பொறி இருக்கு. உரசல் தண்ணி கூடக் கூட அதே அளவில கூடாது, தண்ணி ரெண்டு மடங்கானா உரசல் மூண்டரை மடங்குக்கு மேல. மார்கழித் தண்ணியப் பாத்து ஆசைப்பட்டு 9 லீற்றருக்கு டர்பைன் வாங்கி, காசு மிச்சம் பிடிக்க 63 பைப் போட்டா, 9 லீற்றர் போகணும் எண்டா 25 மீற்றர் ஹெட்டும் பைப்புக்குள்ளயே முடிஞ்சிரும். மிச்சம் ரெண்டு மீற்றரால 9 லீற்றர நொசிலால தள்ள ஏலாது, அதால தண்ணியும் பிரஷரும் குறைஞ்சு டர்பைன் தன்ட சக்தியில பாதியும் தராது. மலையும் இருக்கு, தண்ணியும் இருக்கு, நினைச்ச கரண்ட் மட்டும் வராது. ஒரு சட்டம் மாதிரி வெச்சுக்கலாம், ஹெட்ல பத்து வீதத்துக்கு மேல பைப் தின்னக்கூடாது, தின்னா ஒரு சைஸ் பெருசாப் போடுங்க.

பைப்ப மண்ணுக்குள்ள தாழ்க்கிறது நல்லம், வெயில் பட்டா பிவிசி மொறுமொறு எண்டு ஆயிரும், அதோட அந்தப் பக்கம் ஆனை வாற இடம், ஆனைக்கு கால் வைக்க பைப்பும் ஒண்டுதான் தடியும் ஒண்டுதான். தாழ்க்கக்குள்ள பைப் ஒரே இறக்கமா போகணும், இடையில ஒரு மேடு ஏறி இறங்கினா அந்த மேட்டில காத்து தங்கி வழிய மறிக்கும்.

இனி டர்பைன். ஹெட் 25, ஃப்ளோ 4.5, தண்ணி கொஞ்சம், உயரம் ஓரளவு, இதுக்கு பெல்ட்டன் எண்ட வகைதான் பொருந்தும், சக்கரத்தச் சுத்தி அகப்பை மாதிரி கிண்ணங்கள் இருக்கும், நொசிலால பீச்சிற தண்ணி அதில அடிச்சு சுத்தும். இப்ப அளவு எப்பிடி வருதெண்டு பாருங்க. 25 மீற்றர் பிரஷர்ல நொசிலால வெளிய வாற தண்ணி செக்கனுக்கு 21.5 மீற்றர் வேகத்தில வரும், கைய வெச்சா நோகும். 4.5 லீற்றரும் அந்த வேகத்தில வெளிய போகணும் எண்டா நொசில் வாய் 16 மில்லிமீற்றர் அளவு வேணும். அவ்வளவுதான், நாம எடுக்கிற முழுத் தண்ணியும் பெருவிரல் அகல ஓட்டையால போகப்போகுது.

சக்கரம் எவ்வளவு பெருசு? கிண்ணம் தண்ணிட வேகத்தில பாதிக்கு கொஞ்சம் கீழ ஓடினாத்தான் தண்ணி தன்ட பலத்த முழுக்க குடுத்துட்டு சோர்ந்து கீழ விழும், அப்ப கிண்ணத்துக்கு செக்கனுக்கு 10 மீற்றர் வேகம். டைனமோ நிமிசத்துக்கு 1500 சுத்து சுத்தணும், பெல்ட் புல்லி இல்லாம நேரா பூட்டணும் எண்டா சக்கரத்தில கிண்ணங்கள்ட நடுவுக்கு நடு விட்டம் 125 மில்லிமீற்றர் வருது. சாப்பாட்டுப் பீங்கான விட சின்னது.

இங்க ஒரு முட்டு வரும். 125 மில்லிமீற்றர் சக்கரத்துக்கு 16 மில்லிமீற்றர் தண்ணித் தடி தடிச்சுப் போச்சு. சக்கர விட்டம் தண்ணித் தடியப் போல பத்து மடங்காவது இருக்கணும், இல்லாட்டி கிண்ணங்கள பெருசாச் செய்யணும், அதுகள் சக்கரத்தில நெருங்கி நிண்டு ஒண்டில அடிக்கிற தண்ணி மற்றதில தெறிச்சு வேகத்தக் குறைக்கும். அதால ஒரு நொசில ரெண்டா பிரிக்கிறது. 11.5 மில்லிமீற்றர் நொசில் ரெண்டு, ரெண்டுக்கும் தனித்தனி வால்வு. கிண்ணத்து அகலம் தண்ணித் தடியப் போல மூண்டு மடங்கு, 35 மில்லிமீற்றர் கிட்ட. வாங்கப் போகக்குள்ள "ஒரு கிலோவாட் டர்பைன் தாங்க" எண்டு கேட்டா என்னத்தையாவது தருவாங்க. "25 மீற்றர், 4.5 லீற்றர், ரெண்டு நொசில், 1500 சுத்து" எண்டு சொன்னாத்தான் உங்கட ஓடைக்கு உரியது வரும்.

ரெண்டு நொசில்ல வேற ஒரு லாபம், ஆவணி கடைசியில தண்ணி இன்னும் மெலிஞ்சா ஒரு வால்வ மூடி ஒண்டால ஓட்டலாம். ஃப்ளோ பாதி, உரசலும் குறையிறதால 300 வாட் வரும். பழைய தண்ணிப் பம்ப திருப்பி டர்பைனா ஓட்டுறதும் நடக்கும், விலையும் குறைவு, நானும் வேற இடத்துக்கு எண்டா சொல்லுவன். ஆனா பம்புக்கு ஒரே ஃப்ளோதான் வேணும், தண்ணி குறைஞ்சா அதுட வேலை சடார் எண்டு விழுந்திரும், கச்சானுக்கு மெலியிற நம்மட ஓடைக்கு அது சரிவராது.

560 வாட் எண்டா கேக்க கொஞ்சம். ஆனா 24 மணித்தியாலமும் ஓடினா நாளைக்கு 13 யூனிட், மூண்டு வீட்டுக்கு லைட், ஃபேன், ரீவி, போன் சார்ஜ் எல்லாத்துக்கும் காணும். காணாதது ஒரே நேரத்தில இழுக்கிறதுக்கு. ரைஸ் குக்கர் ஒண்டு போட்டாலே அதுக்கு மட்டும் 700 வாட், அயன் போட்டா ஆயிரம், ரெண்டும் இதில நடக்காது எண்டு மூண்டு வீட்டுக்கும் முதல்லயே சொல்லி வைக்கணும், இல்லாட்டி ஒரு வீட்டில சோறு பொங்க மற்ற ரெண்டு வீட்டிலயும் லைட் மங்கி சண்டை வரும். அதே மாதிரி எல்லாரும் லைட்ட நூத்துட்டு படுத்தா லோட் இல்லாம மெசின் வேகம் எடுத்து பறக்கும், வோல்டேஜ் ஏறி மிச்சமிருக்கிற பல்ப கருக்கிரும், அதுக்கு மிச்ச கரண்ட ஹீற்றர் ஒண்டுக்கு திருப்பி விடுற கொன்ட்ரோலர் கட்டாயம் வேணும்.

பூட்டி முடிஞ்ச பிறகு அந்த பழைய கேஜ நொசிலுக்கு கிட்ட, வால்வுக்கு மேல்பக்கம் பூட்டி வைங்க. வால்வு ரெண்டும் மூடியிருக்கக்குள்ள 38 காட்டணும், ரெண்டையும் திறந்தா முப்பத்தஞ்சு முப்பத்தாறில வந்து நிக்கணும். 35 க்குப் பதிலா 25 க்கு விழுந்தா மேல வலையில சருகு அடைச்சிருக்கு, இல்லாட்டி தொட்டியில தண்ணி காணாம பைப் காத்த உறிஞ்சுது, முள்ளு நடுங்கிக்கிட்டே நிண்டா கட்டாயம் காத்துத்தான். மறுவளமா, ரெண்டு நொசிலும் திறந்திருக்க முள்ளு 37 க்கு மேல நிண்டு லைட் மங்கினா ஒரு நொசில் வாயில கல்லோ நத்தையோ சிக்கிக்கிட்டு தண்ணி போகேல்ல. கழட்டி எடுக்கக்குள்ள வால்வ மெல்ல மெல்ல மூடுங்க, 140 மீற்றர் பைப்புக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கிற தண்ணிய சடக்கெண்டு மறிச்சா அந்த அடியில பிவிசி மூட்டு கழண்டு போற சத்தம் மேல தொட்டி வரைக்கும் கேக்கும்.